ந, ன: ஓர் ஒலியா, இரண்டா?

தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "ந, ன இரண்டும் ஒரே ஒலிதான். ஒன்று வருகிற இடத்தில் மற்றது வருவதில்லை. மொழியியல் இதை எப்போதோ நிறுவிவிட்டது. ஓர் எழுத்தை எடுத்துவிடலாம்." எதிர்த்தரப்பின் பதிலும் மாறுவதில்லை: "எழுத்து இரண்டு என்றால் ஒலியும் இரண்டுதான், முன்னோர் காரணமில்லாமல் இரண்டு வைப்பார்களா?" இரண்டு வாதங்களும் எனக்கு ஒப்பாக இல்லை. எழுத்து இருப்பதனால் ஒலி வேறு என்று ஆகிவிடாது என்பது எளிதில் விளங்குவது. ஆனால் முதல் வாதத்தில் என்ன குறை என்று எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. ஒன்று வருகிற இடத்தில் மற்றது வருவதில்லை என்பதைத் துணைநிலை வழக்கு என்கிறார்கள். அப்படி வருகிற இரண்டு ஒலிகளை ஒரே ஒலியனின், அதாவது பொருளை வேறுபடுத்தும் ஓர் அடிப்படை ஒலியின், இடத்துக்கேற்ப மாறும் மாற்றொலிகளாகக் கொள்வது மொழியியல் மாணவர்கள் முதலில் கற்கும் முறைகளில் ஒன்று. முறை சரியானதாக இருந்தும் முடிவு மட்டும் ஏன் உறுத்துகிறது என்று பார்ப்பதற்காக, சொற்களைத் திரட்டி நானே ஒருமுறை செய்து பார்த்தேன்.

பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது போன்ற ஒரு சிறு தரவிலிருந்தே தொடங்கினேன்.

ந: நகம், நாய், நிலம், நூல், நெல், நோய், பந்து, சந்தை, கந்தல், விருந்து

ன: மனம், பனை, ஆனை, மீன், தேன், பன்றி, கன்று, அன்பு, நன்கு, நன்மை, கன்னம், சின்ன

முதலில் ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபட்டுப் பொருளிலும் வேறுபடுகிற சொல் இணை இருக்கிறதா என்று தேட வேண்டும். ந-வை எடுத்துவிட்டு ன-வை வைத்தால் வேறொரு சொல் கிடைக்குமானால், இரண்டும் தனித்தனி ஒலியன்கள். வேலை அங்கேயே முடிந்துவிடும். மனம், மணம் என்ற இணை ன-வையும் ண-வையும் அப்படித்தான் ஒரே நொடியில் பிரித்துவிடுகிறது. மேலே உள்ள தரவில் ந, ன இரண்டுக்கும் அப்படி ஓர் இணை இல்லை. இல்லை என்பதாலேயே எதுவும் நிறுவப்பட்டுவிடாது. சொற்கள் இருபத்திரண்டுதான், இணை தற்செயலாகக் கிடைக்காமலும் போகலாம். எனவே அடுத்த வேலை, ஒவ்வொரு சொல்லிலும் அந்த ஒலிக்கு இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று எழுதிப் பார்ப்பது.

இடப்பக்கத்தைப் பார்த்தால் தெளிவு வரவில்லை. பந்து, பன்றி இரண்டிலும் முன்னால் இருப்பது ப-வும் அகரமும்தான்; கந்தல், கன்று இரண்டிலும் க-வும் அகரமும். ஆக, முன்னால் வரும் உயிர் எந்த மூக்கொலி வர வேண்டும் என்று தீர்மானிப்பதில்லை. வலப்பக்கத்தில் விடை தெரிகிறது. பந்து, சந்தை, கந்தல், விருந்து எல்லாவற்றிலும் ந்-க்குப் பின் த இருக்கிறது. ன்-க்குப் பின் ற, ப, க, ம, இன்னொரு ன, உயிர் அல்லது சொல்லின் முடிவு என எதுவும் இருக்கிறது. த மட்டும் இல்லை. எஞ்சிய ந எல்லாம் சொல்லின் முதலில் நிற்கின்றன. ன ஓரிடத்திலும் சொல்லின் முதலில் நிற்கவில்லை. எனவே விதி இப்படி அமைகிறது: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னும் ந, மற்ற எல்லா இடங்களிலும் ன. "மற்ற எல்லா இடங்களிலும்" என்று சொல்ல நேர்கிற ஒலியையே அடிப்படையாகக் கொள்வது வழக்கம். அதன் சூழல்களை ஒரே வரியில் தொகுக்க முடியாது என்பதே அதற்கு அடையாளம். இங்கே அது ன.

சீர்திருத்தம் பேசுகிறவர் இந்த இடத்தில் எழுந்து போய்விடுகிறார். தரவும் சிறியது, விதியும் அழகானது, முடிவும் கைக்கு வந்துவிட்டது. எனக்கு இரண்டு கேள்விகள் மிச்சமிருந்தன.

துணைக்கு ஆள் அதிகம்

முதல் கேள்வி, துணைநிலை வழக்கு என்பது உண்மையில் எவ்வளவு சொல்கிறது என்பது. ந-வை ன-வோடு ஒப்பிட்ட அதே அட்டவணையில் ன-வை எடுத்துவிட்டு ண-வை வைத்துப் பாருங்கள். ண எந்தத் தமிழ்ச் சொல்லின் முதலிலும் வருவதில்லை. த-வுக்கு முன்னும் வருவதில்லை. ட-வுக்கு முன் வருகிறது, உயிர்களுக்கு இடையில் வருகிறது, சொல்லின் இறுதியில் வருகிறது. ஆக, ந-வும் ண-வும் துணைநிலையில்தான் இருக்கின்றன. இன்னும் ஒருபடி மேலே போய் ழ-வை வைத்தாலும் இதே நிலைதான். ழ சொல்லின் முதலில் வருவதில்லை, த-வுக்கு முன்னால் மெய்யாகவும் ஒரு சொல்லின் வேருக்குள் வருவதில்லை. அட்டவணையை மட்டும் நம்பினால் ந-வும் ழ-வும் ஒரே ஒலியனின் இரு வடிவங்கள் என்றும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அசையின் முதலில் மட்டும் வரும் ஹகரத்தையும் அசையின் இறுதியில் மட்டும் வரும் ஙகரத்தையும் வைத்து ஆசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு இதே வகையைச் சேர்ந்ததுதான். தமிழிலேயே இப்படி ஒன்று இருக்கும்போது ஆங்கிலத்துக்குப் போக வேண்டிய தேவையில்லை.

ழ-வை ஒலி ஒற்றுமை இல்லை என்று தள்ளிவிடலாம்: ஒன்று மூக்கொலி, மற்றது அல்ல. ண அப்படி எளிதில் போகாது. அதுவும் மூக்கொலிதான், அதுவும் நாநுனியால் பிறப்பதுதான். ன, ண இரண்டும் மனம், மணம் என்று ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதால் ந ஒரே சமயத்தில் இரண்டுக்கும் துணையாக முடியாது. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எதை வைத்துத் தேர்வது? ஒலி நெருக்கத்தை வைத்து ன-வைத் தேர்ந்தெடுக்கலாம், ந பிறக்கும் பல்லிலிருந்து ன பிறக்கும் ஈறு தொலைவில் இல்லை. ஆனால் சொற்கள் மாறும் விதத்தைப் பார்த்தால் ந இரண்டு பக்கமும் போகிறது. நன் என்பதோடு நிலம் சேர்ந்தால் நன்னிலம். ந அங்கே ன ஆகிவிட்டது. கண் என்பதோடு நீர் சேர்ந்தால் கண்ணீர், தண் என்பதோடு சேர்ந்தால் தண்ணீர்; ந அங்கே ண ஆகிவிட்டது. எந்த நாநுனி மூக்கொலிக்குப் பின்னால் வந்தாலும் ந அதனோடு ஒத்துப்போகிறது. இதை வைத்து ந-வை ன-வின் தனிச்சொத்தாக ஆக்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய ஐயம் ஒன்று விதியின் முதல் பாதியில் இருந்தது. த-வுக்கு முன் ந் வருவதற்குக் காரணம் வெளிப்படை: த-வுக்காக நாக்கு பல்லுக்குப் போகிறது, மூக்கொலி அதே இடத்திலேயே பிறந்துவிடுகிறது. சொல்லின் முதலில் பல்லுக்குப் போக என்ன தூண்டுகிறது? பக்கத்தில் எந்த ஒலியும் இல்லை, பின்னால் வரும் உயிர் எதுவாகவும் இருக்கலாம். விடை ன-வில் இல்லை. தமிழின் முழு ஒலி அமைப்பில் இருக்கிறது. ட, ண, ற, ன, ர, ல, ழ, ள ஆகிய எட்டும் பழந்தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. நாநுனி ஈற்றையோ மேலண்ணத்தையோ தொட்டுப் பிறக்கும் ஒலிகளின் வரிசை முழுவதும் சொல்முதலில் தடுக்கப்பட்டிருக்கிறது. ன-வும் அந்த வரிசையில் ஒன்று. அப்படியானால் சொல்முதலில் ன இல்லாததற்குக் காரணம் ன அங்கே ந-வாக மாறிவிட்டது என்பதாக இருக்க வேண்டியதில்லை. ழ எப்படி இல்லையோ அப்படியே ன-வும் இல்லை என்பதாகவும் இருக்கலாம். சொல்முதலில் ற இல்லை, த இருக்கிறது என்பதற்காக யாரும் த-வும் ற-வும் ஒன்று என்று சொல்வதில்லை. அவை சொல்லுக்குள் எதிர்த்து நிற்பது நமக்குத் தெரியும். ந-வும் ன-வும் சொல்லுக்குள் எதிர்த்து நிற்கின்றனவா என்பதுதான், ஆகவே, உண்மையான கேள்வி.

தரவில் இல்லாத சொற்கள்

என் தரவில் உயிர்களுக்கு இடையில் ந ஒன்றுகூட இல்லை. அது தமிழின் இயல்பா, நான் தேர்ந்தெடுத்த சொற்களின் இயல்பா? கடித உறையை எடுத்தாலே போதும்: அனுப்புநர், பெறுநர். ஓட்டுநர், இயக்குநர், பொருநர், ஓதுநர் எல்லாம் அவற்றோடு வந்து நிற்கின்றன. பெறுநர் என்பதில் உகரத்துக்கும் அகரத்துக்கும் இடையில் ந. முனகல் என்பதில் அதே உகரத்துக்கும் அகரத்துக்கும் இடையில் ன. இளநீர் என்பதில் ள-கர அகரத்துக்குப் பின் ந. பனி, கனி என்பவற்றில் அகரத்துக்குப் பின் ன. இவை ஒரே ஓர் ஒலியில் வேறுபடும் இணைகள் அல்ல. ஆனாலும் விதியின் "மற்ற எல்லா இடங்களிலும் ன" என்ற பகுதியை இவை நேராகவே மீறுகின்றன.

பிறகு நிஜமான இணைகளும் வந்தன. மூன்று நூறு சேர்ந்தால் முந்நூறு. முன்னால் உள்ள நூறு என்றால் முன்னூறு. எந்த நாடு என்று கேட்டால் எந்நாடு. என்னுடைய நாடு என்றால் என்னாடு. தம்முடைய நலம் தந்நலம்; தன்னுடைய நலம் தன்னலம். உயிர்களும் மற்ற மெய்களும் அப்படியே இருக்க, நடுவில் இரட்டித்த ந்ந-வும் ன்ன-வும் மட்டும் மாறிப் பொருளும் மாறுகிறது. பாடநூல் முறைப்படி, இதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை. ஒரே சூழலில் இரண்டும் வந்துவிட்டன. எனவே இரண்டு ஒலியன்கள்.

ஒரே ஒலியன்தான் என்று வாதிடுபவர் இதற்கும் பதில் வைத்திருக்கிறார், அந்தப் பதில் வலுவானது. இவை எல்லாம் இரண்டு உறுப்புகள் சேர்ந்து உண்டான சொற்கள். விதியில் "சொல்லின் முதலில்" என்பதை "உறுப்பின் முதலில்" என்று திருத்துங்கள் என்பார் அவர். இளநீரில் நீர் தனிச்சொல். அதன் முதலில் ந இருப்பது விதிப்படியே. ஓட்டுநரில் -நர் தனித்து நிற்காத விகுதிதான் என்றாலும் அதுவும் ஓர் உறுப்பு, அதன் முதலில் ந. முந்நூறு, முன்னூறு? மூக்கொலியை ஒரே ஒலியனாகக் கொண்டு, அதை இப்போதைக்கு மூ. என்று குறிப்போம். எந்நாடு என்பது எ + நாடு. வினா எழுத்துக்குப் பின் வருமொழியின் முதல் மெய் இரட்டிக்கிறது, ஆக இரண்டு மூ.-களும் உறுப்புகளைப் பிரிக்கும் எல்லைக் கோட்டுக்கு வலப்பக்கம், அதாவது நாடு என்ற உறுப்பின் முதலிலேயே நிற்கின்றன. என்னாடு என்பது என் + நாடு, ஒரு மூ. கோட்டுக்கு இடப்பக்கம், என் என்ற உறுப்பின் இறுதியில் நிற்கிறது. உறுப்பின் இறுதியில் நிற்கும் மூ. பல்லீற்றில் பிறக்கும் ஈற்றொலியாகிறது, அதாவது ன ஆகிறது, தனக்கு அடுத்து வருவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆக, இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒலியனில் இல்லை. கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் இருக்கிறது.

இந்த விளக்கத்தை முதலில் எழுதிப் பார்த்தபோது இது நன்றாகவே வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நன்னூல், செந்நூல் என்று எந்த இணையைக் கொடுத்தாலும் உறுப்புகளைப் பிரித்துவிட்டால் ந-வா ன-வா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. கேட்பவருக்கு அந்தக் கோடு காதில் விழுவதில்லை. முந்நூறு என்பதில் முந் சொல்லி நிறுத்தி நூறு சொல்பவர் யாரும் இல்லை. ஒலிகளை மட்டும் வைத்து ஒலியன்களைக் கண்டுபிடிக்கப் புறப்பட்டு, நடுவழியில் இலக்கணத்திடம் கடன் வாங்குகிறோம். இந்தக் கடன் செல்லுமா என்பது அமெரிக்க அமைப்பியலாரிடையே பெரிய சர்ச்சையாக இருந்தது. அவர்களில் ஒருவரான கென்னத் பைக் 1947இல், இலக்கணம் தெரியாமல் ஒலியனாய்வு செய்ய முடியாது, கடன் வாங்கியே ஆக வேண்டும் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். மறுத்தவர்களுக்கு, ஒலியனாய்வு இலக்கணத்துக்கு முந்தைய படி. மேல்படியில் ஏறி நின்று கீழ்ப்படியைக் கட்ட முடியாது என்பது கொள்கை. என் சார்பு பைக்கின் பக்கம்தான். ஆனால் கடன் வாங்கியதை மறைக்கக் கூடாது. "ந, ன துணைநிலையில் இருக்கின்றன" என்று சொல்வதற்கும் "உறுப்பெல்லைகளைக் கணக்கில் எடுத்தால் ந, ன துணைநிலையில் இருக்கின்றன" என்று சொல்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. மேடையில் சொல்லப்படுவது எப்போதும் முதலாவதுதான்.

எல்லையைக் கொண்டும் தப்ப முடியாத சில உண்டு. தொல்காப்பியம் ந-கரம் இரண்டே சொற்களின் இறுதியில் வரும் என்கிறது. உரையாசிரியர்கள் பொருந், வெரிந் என்று காட்டுகிறார்கள். இவற்றில் ந் உறுப்பின் முதலில் இல்லை, இறுதியில் இருக்கிறது. பின்னால் த-வும் இல்லை. மீன், தேன் என்ற எண்ணற்ற சொற்களுக்கு எதிரில் இரண்டு சொற்கள் என்றால் என்ன பெரிய கணக்கு என்று தோன்றலாம். ஆனால் துணைநிலை வழக்கு பெரும்பான்மையைக் கொண்டு முடிவு செய்யப்படுவதில்லை. ஒரே ஒரு சொல் போதும் அது உடைவதற்கு. அந்தச் சொற்கள் வழக்கொழிந்துவிட்டன என்பதே இன்றைய தமிழுக்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம், பழந்தமிழுக்கு அது செல்லாது.

கரியும் எண்ணெயும்

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய ஒன்று எழுந்தது. என் தரவில் இருப்பவை ஒலிகளா? இல்லை, எழுத்துகள். நான் ந என்று எழுதிய இடத்தில் எல்லாம் பல்லொலி இருக்கிறது என்பது பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது, காது சொன்னதல்ல. ந-வுக்கு நாநுனி பல்லின் அடியைத் தொட வேண்டும், ன-வுக்கு நுனிநா மேல்நோக்கி அண்ணத்தைத் தொட வேண்டும் என்று தொல்காப்பியம் தெளிவாகச் சொல்கிறது. இன்று பேசுகிறவர்கள் அப்படிச் செய்கிறார்களா என்பதற்கு அது சான்றாகாது.

காதால் மட்டும் இதைத் தீர்ப்பது கடினம். பல்மூக்கொலிக்கும் ஈற்றுமூக்கொலிக்கும் இடையிலான வேறுபாடு நுண்ணியது. எழுத்து தெரிந்த காது தான் எதிர்பார்ப்பதையே கேட்கும். அதனால் களப்பணியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் பழைய முறை ஒன்றைக் கையாண்டேன். மரக்கரித் தூளைச் சமையல் எண்ணெயில் குழைத்து, பேசுகிறவரின் நாக்கு நுனியிலும் விளிம்பிலும் மெல்லத் தடவி, ஒரே ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, உடனே வாயைத் திறக்கச் சொல்லிச் சிறு கண்ணாடியை வைத்து மேல்தாடையைப் படம் எடுக்க வேண்டும். நாக்கு எங்கே தொட்டதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். பல்லின் பின்புறத்தில் கரி இருந்தால் பல்லொலி. பல் வெள்ளையாகவும் ஈறு கறுப்பாகவும் இருந்தால் ஈற்றொலி. ஒரு சொல்லுக்குப் பின் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த சொல். வீட்டில் அத்தை முதல் ஆளாக உட்கார்ந்து, "ஊரில் இதைச் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டார்.

இந்தச் சோதனையில் சொல்லைத் தேர்வதுதான் பாதி வேலை. இளநீர் உதவாது, அதிலுள்ள ள-வும் ர-வும் தத்தம் இடத்தில் கரியைப் பூசிப் படத்தைக் கெடுத்துவிடும். நாக்கு ஒருமுறை மட்டும் மேலே தொடும் சொற்களே நல்லது: ந-வுக்கு நாம், நாமம், ன-வுக்கு மானம், மீன். அதைவிடத் தொல்லை, எழுதிக் காட்டக் கூடாது என்பது. எழுத்தைப் பார்த்தவுடன் எல்லாரும் பள்ளி ஆசிரியர் ஆகிவிடுகிறார்கள், ந-வைப் பல்லில் அழுத்திச் சொல்கிறார்கள். முந்நூறு என்ற சொல்லை வாங்க மூன்று நூறு ரூபாய்த் தாள்களைக் காட்டி "எவ்வளவு?" என்று கேட்டேன். அந்தச் சொல்லில் பின்னால் ற வருகிறது என்றாலும் அது பல்லைத் தொடுவதில்லை. எனவே பல்லில் கரி இருந்தால் அது ந்ந-விலிருந்துதான் வந்திருக்க முடியும்.

நான் சோதித்தவர்கள் குறைவு, எல்லாரும் ஏறத்தாழ ஒரே வட்டாரத்தினர். ஆகவே இதைத் தமிழ் முழுவதற்கும் விரிக்கமாட்டேன். அவர்களிடம் கண்டது இது. பந்து என்று சொன்னபோது எல்லாருடைய பல்லிலும் கரி ஒட்டியது. மானம், மீன் சொன்னபோது யாருடைய பல்லிலும் இல்லை. நாம் என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபட்டது, சிலருக்குப் பல்லும் ஈறும் சேர்ந்து கறுத்திருந்தன, சிலருக்கு ஈறு மட்டும். தாள்களைப் பார்த்துச் சொன்ன முந்நூற்றில் ஒருவருடைய பல்லும் கறுக்கவில்லை.

இதுதான் என் எண்ணத்தைத் திருப்பிய இடம். எந்த முந்நூறு, முன்னூறு இணையை வைத்து இரண்டு ஒலியன்கள் என்ற முடிவுக்கு வந்தேனோ, அந்த இணை இவர்கள் வாயில் இல்லை. இரண்டும் ஒரே உச்சரிப்பு. வெந்நீரை வென்னீர் என்றும் ஓட்டுநரை ஓட்டுனர் என்றும் எழுதும் தவறு இவ்வளவு பரவலாக இருப்பதன் காரணமும் இதுவே. எழுதுகிறவர் தான் கேட்பதை எழுதுகிறார். இவர்களுடைய பேச்சுக்கு அட்டவணை போட்டால், பல்மூக்கொலி உறுதியாக வருவது த-வுக்கு முன் மட்டும். சொல்முதலில் இரண்டுக்கும் இடையே தடையின்றி ஊசலாடுகிறது, பொருள் மாறுவதில்லை. மற்ற இடங்களில் ஈற்றொலி. எல்லைக் கோடு எதையும் வரைய வேண்டியதில்லை, இலக்கணத்திடம் கடனும் இல்லை. ஒரே ஒலியன், அதற்குப் பல்லில் பிறக்கும் ஒரு மாற்றொலி. சீர்திருத்தம் பேசுபவர் சொன்ன முடிவேதான், ஆனால் அவர் காட்டிய தரவு எழுத்துத்தமிழின் தரவு. அந்தத் தரவிலிருந்து அந்த முடிவு வராது. எழுத்துத்தமிழுக்கு அட்டவணை போட்டால் இரண்டு ஒலியன்கள் என்றோ, எல்லைகளோடு கூடிய ஓர் ஒலியன் என்றோதான் சொல்ல முடியும்.

ஓர் எழுத்தைச் சேர்த்தவர்கள்

பழந்தமிழைப் பேசியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதற்குக் கரி பூசிப் பார்க்க வழியில்லை. ஆனால் ஒரு மறைமுகச் சான்று இருக்கிறது. பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்றுக்கொண்டவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதில் இருந்த ககரத்தின் அதிர்வொலி வடிவம், தகர, பகர அதிர்வொலி வடிவங்கள் முதலியவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். காகம் என்பதில் முதல் ககரமும் நடுக் ககரமும் வேறுபட்டு ஒலித்தாலும் அந்த வேறுபாடு இடத்தால் வருவது, அதற்குத் தனி எழுத்து வேண்டாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதே ஆட்கள் பிராமியில் இல்லாத நான்கு குறிகளைப் புதிதாகச் சேர்த்தார்கள்: ழ, ள, ற, ன. இவற்றில் ன இருப்பதுதான் இங்கே முக்கியம். ந-வுக்கு ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. ன அவர்கள் காதுக்கு ந-வின் இன்னொரு சாயலாக மட்டும் கேட்டிருந்தால், அதிர்வொலிகளுக்குச் செய்ததைப் போலவே இதற்கும் தனிக்குறி இல்லாமல் விட்டிருப்பார்கள். அட்டவணையில் க-வின் இரு ஒலிகளும், ந-வும் ன-வும் ஏறத்தாழ ஒரே மாதிரி துணைநிலையில் நிற்கின்றன. ஆனால் எழுத்தை அமைத்தவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. இதை இரண்டு ஒலியன்கள் என்பதற்கு முடிவான சான்று என்று நான் சொல்லமாட்டேன். ற-வுக்குக் குறி செய்தபோது அதன் இன மூக்கொலிக்கும் ஒன்று செய்வோம் என்று நினைத்திருக்கவும் கூடும். ஆயினும் அட்டவணை ஒன்றையே வைத்து "அன்றும் ஒரே ஒலிதான்" என்பவர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மலையாளத்தில் இதே கதை தலைகீழாக நடந்திருக்கிறது. அங்கே இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்துதான். நம் வந்து அங்கே வன்னு என எழுதப்படுகிறது. நடுவில் இருப்பதோ பல்மூக்கொலியின் இரட்டிப்பு. பழைய ந்த, இரண்டாவது பாதியும் மூக்கொலியாகிப் பல்லிலேயே நின்றுவிட்டது. இதனால் தமிழில் உறுப்புகள் சேரும் இடத்தில் மட்டும் கிடைக்கிற ந்ந, மலையாளத்தில் எந்த எல்லையும் இல்லாத சொற்களுக்குள்ளேயே நிற்கிறது. பன்றியைக் குறிக்கும் சொல்லில் பல்லொலி இரட்டிக்கிறது. கன்னி என்பதில் ஈற்றொலி இரட்டிக்கிறது. முன்னும் பின்னும் உள்ள உயிர்கள் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. அங்கே எல்லைக் கோடு வரைந்து தப்ப வழியில்லை. இரட்டித்த நிலையிலாவது இரண்டு ஒலியன்கள் என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். மலையாள எழுத்திலிருந்து தரவு திரட்டுகிற ஒருவருக்கு இந்தக் கேள்வியே எழாது: அட்டவணையில் ஒரே ஒரு மூக்கொலிதான் இருக்கும், அதை எதனோடு ஒப்பிடுவது?